மாணவர்களிடம் கண்டது யாருக்கெல்லாம் பொருந்தும்? உளவியல் ஆய்வுக்கட்டுரைகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

உளவியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்கும் எவரும் முதல் சில வாரங்களிலேயே பாடநூலில் ஒரு செய்தியைச் சந்திப்பார்: கண்ணுக்கு நேராகத் தெரிகிற ஒன்றைக்கூட, சுற்றியிருக்கும் எல்லோரும் மாற்றிச் சொன்னால், மனிதர்கள் தாமும் மாற்றிச் சொல்லிவிடுகிறார்கள். சாலமன் ஆஷ் 1950களில் அமெரிக்காவில் நடத்திய கோட்டுச் சோதனை இதற்குச் சான்றாகக் காட்டப்படும். அந்த வாக்கியத்தின் எழுவாய் 'மனிதர்கள்'. ஆனால் ஆஷ் தம் முதன்மைச் சோதனைக்கு உட்படுத்தியவர்கள் மூன்று கல்லூரிகளைச் சேர்ந்த 123 ஆண் மாணவர்கள். இந்த 123 பேரிலிருந்து 'மனிதர்கள்' என்ற சொல்வரை போவதற்கு நடுவில் பல படிகள் உள்ளன. அவற்றில் எதன்மேல் நம்பிக் கால் வைக்கலாம், எதன்மேல் வைக்கக் கூடாது என்று சோதித்துப் பார்க்கும் முறையை இங்கே ஆஷின் சோதனையையே எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறேன். ஒரு கட்டுரையில் இந்த முறையைப் பழகிவிட்டால் அடுத்த கட்டுரைக்கு அரை மணி நேரம் போதும்.

முதலில், இத்தனை ஆய்வுகள் மாணவர்களையே ஏன் நம்பியிருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் உளவியல் அறிமுகப் பாடம் எடுக்கும் மாணவர்கள் ஒரு பருவத்தில் சில மணி நேரம் ஆய்வுகளில் பங்கேற்க வேண்டும், அல்லது அதற்கு ஈடாக வேறொரு பணியை எழுதித் தர வேண்டும். இப்படிச் சேரும் மாணவர் பட்டியலிலிருந்துதான் ஆய்வாளர் தம் பங்கேற்பாளர்களைப் பெறுகிறார். செலவு இல்லை, பயணம் இல்லை, பங்கேற்பாளர்கள் ஆய்வுக்கூடத்துக்கு நடந்தே வந்துவிடுவார்கள். ஜெஃப்ரி ஆர்னெட் 2008இல் வெளியிட்ட கணக்கு இதன் விளைவைக் காட்டியது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஆறு இதழ்களில் 2003 முதல் 2007 வரை வந்த கட்டுரைகளை அவர் எண்ணிப் பார்த்தபோது, பங்கேற்பாளர்களில் 68 விழுக்காட்டினர் அமெரிக்காவையும், மொத்தத்தில் 96 விழுக்காட்டினர் மேற்கத்தியத் தொழில்வள நாடுகளையும் சேர்ந்தவர்களாக இருந்தார்கள். 2010இல் ஜோசஃப் ஹென்ரிக், ஸ்டீவன் ஹைன், அரா நோரென்சயான் ஆகிய மூவரும் இந்த மக்களுக்கு 'வியர்டு' என்று பெயரிட்டார்கள். மேற்கத்தியர், கல்வி பெற்றவர், தொழில்மயமான நாட்டவர், செல்வம் உள்ளவர், மக்களாட்சியில் வாழ்பவர் என்ற ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்த சொல் அது. இந்த மக்கள் உலகின் பிறரைப் பிரதிநிதித்துவப்படுத்துகிறார்கள் என்று சோதிக்காமலே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதும், பல அளவீடுகளில் அவர்கள் ஓரத்தில் நிற்கிறார்கள் என்பதும் அந்த மூவரின் வாதம்.

இந்தச் சொல் பரவிய பிறகு ஒரு புதிய பழக்கமும் பரவியது. கட்டுரையில் 'இளங்கலை மாணவர்கள்' என்ற சொற்களைக் கண்டதும், இது வியர்டு மாதிரி, ஆகவே செல்லாது என்று மூடி வைத்துவிடுகிறார்கள். எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்வதும் எல்லாவற்றையும் தள்ளுவதும் கட்டுரையைப் படிக்காமல் விடுவதற்கான இரண்டு வழிகளே. கீழே வரும் படிகள் இரண்டையும் தவிர்ப்பதற்கானவை.

முதற்படி: பங்கேற்பாளர் பத்தியிலிருந்து தொடங்குங்கள்

கட்டுரையின் சுருக்கத்தை முதலில் படிக்காதீர்கள். சுருக்கத்தில் பெரும்பாலும் 'மக்கள்', 'தனிநபர்கள்' என்றே எழுதியிருக்கும்; அதைப் படித்தவுடன் முடிவு எல்லோருக்கும் உரியது என்ற எண்ணம் மனத்தில் அமர்ந்துவிடும். நேராக ஆய்வுமுறைப் பகுதிக்குச் சென்று, பங்கேற்பாளர்கள் பற்றிய பத்தியைத் தேடுங்கள். அது பொதுவாக மூன்று நான்கு வரிகளுக்கு மேல் இருக்காது. பயிற்சிக்காக நானே அமைத்த ஒரு பத்தியைப் பாருங்கள்:

"ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் இளங்கலை மாணவர்கள் 91 பேர் (பெண்கள் 66) பாடநெறிப் புள்ளிகளுக்காகப் பங்கேற்றனர். சராசரி வயது 19.3. ஆய்வின் நோக்கத்தை ஊகித்த 7 பேரின் தரவு நீக்கப்பட்டது. எஞ்சியோர் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர்."

இந்த நான்கு வாக்கியங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகம் எந்த நாட்டில் உள்ளது என்று பத்தியில் இல்லை. ஆசிரியர்களின் பணியிட முகவரியைக் கொண்டுதான் ஊகிக்க முடியும். நாட்டின் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று எழுதியவர்கள் கருதியிருப்பதே, தங்கள் வளாகத்தை இயல்பான இடமாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அறிகுறி. புள்ளிகளுக்காகப் பங்கேற்றார்கள் என்பதால் அவர்கள் உளவியல் பாடம் எடுத்தவர்கள் என்று கொள்ளலாம். ஆய்வுகளில் உண்மையான நோக்கம் மறைக்கப்படுவதுண்டு என்பதை அவர்களில் பலர் வகுப்பிலேயே கேட்டிருப்பார்கள். ஏழு பேர் நோக்கத்தை ஊகித்தது அதனால்தான் இருக்கக்கூடும். வயதின் சராசரியைப் பார்த்தால் வீட்டைவிட்டு முதன்முறை வெளியே வந்து ஓராண்டு ஆகியிருக்கக்கூடியவர்கள்.

புதியவர்கள் மிக அதிகமாகத் தடுமாறும் இடம் கடைசி வாக்கியம். சமவாய்ப்பு முறையில் குழுக்களாகப் பிரித்தல் வேறு, சமவாய்ப்பு முறையில் ஆட்களைத் தேர்ந்தெடுத்தல் வேறு. முதலாவது, இரண்டு குழுக்களுக்கும் இடையே கண்ட வேறுபாடு சோதனையால் வந்ததே என்று நம்ப உதவுகிறது. வந்தவர்கள் யாருக்குப் பிரதிநிதிகள் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. 'சமவாய்ப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் மாதிரி நாட்டையே பிரதிபலிக்கிறது என்று எண்ணிவிடுகிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். எண்ணிக்கையும் இந்தக் குறையைத் தீர்க்காது. 91க்குப் பதில் 9,000 மாணவர்கள் வந்திருந்தாலும் மாணவர்களைப் பற்றிய மதிப்பீடு துல்லியமாகும், அவ்வளவுதான். 50 வயது விவசாயியைப் பற்றி அது கூடுதலாக எதையும் சொல்லாது.

ஆஷின் சோதனைக்கு இதே குறிப்பை எழுதினால் இப்படி வரும்: 1950களின் அமெரிக்கா, கல்லூரியில் படிக்கும் இளைஞர்கள், எல்லோரும் ஆண்கள், மூன்று கல்லூரிகள். ஏழு முதல் ஒன்பது பேர் கொண்ட குழுவில் ஒருவர் மட்டுமே உண்மையான பங்கேற்பாளர். மற்றவர்கள் ஆய்வாளரோடு முன்பே பேசி வைத்துக்கொண்ட மாணவர்கள். ஓர் அட்டையில் ஒரு கோடு, மற்றோர் அட்டையில் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் அட்டையின் கோட்டுக்குச் சமம் என்று ஒவ்வொருவராக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். 18 சுற்றுகளில் 12இல் மற்றவர்கள் எல்லோரும் ஒரே தவறான விடையைச் சொல்வார்கள். நாடு, காலம், பால், வயது, உடன் இருந்தவர்கள் யார், விடையைச் சொன்ன விதம் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு குறிப்பில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் படியில் இவை தேவைப்படும்.

இரண்டாம் படி: கட்டுரை எந்த வகையான கூற்றை வைக்கிறது என்று பிரித்தறியுங்கள்

ஒரே ஆய்விலிருந்து மூன்று விதமான கூற்றுகளை எழுதலாம். இப்படி நடக்கக்கூடும் என்பது ஒன்று. இவ்வளவு நடக்கும் என்பது இரண்டாவது. இது மனித இயல்பு, எங்கும் நடக்கும் என்பது மூன்றாவது. மாணவர் மாதிரி இந்த மூன்றையும் ஒரே அளவில் தாங்குவதில்லை. இதைப் பிரித்துப் பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர்ப்பகுதி என்று நான் கருதுகிறேன்.

ஆஷின் சோதனையில் முதல் வகைக் கூற்று இது: எந்த மிரட்டலும் பரிசும் இல்லாமல், சுற்றியிருக்கும் சிலர் ஒருமித்துச் சொல்வதாலேயே, தெளிவாகத் தெரியும் உண்மைக்கு மாறாக ஒருவர் பேசக்கூடும். இதை நிறுவ 123 மாணவர்கள் தாராளமாகப் போதும். அத்தனை எளிய வேலையில் யாரும் பிறர் சொல்லுக்கு இணங்கமாட்டார் என்று ஒருவர் வாதிட்டிருந்தால், அந்த வாதத்தை முறிக்க இந்த மாணவர்களே போதுமானவர்கள். தனியாகப் பார்த்தபோது இத்தகைய வேலையில் தவறுகள் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே இருந்தன என்பதால், கோடுகளைச் சரியாகப் பார்க்க முடியவில்லை என்ற விளக்கத்துக்கும் இடமில்லை. மாணவர் மாதிரியை வைத்துக்கொண்டே மிக உறுதியாகச் சொல்லக்கூடிய கூற்றுகள் பல இந்த வகையில் அடங்கும்.

இரண்டாம் வகைக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. அந்த 12 சுற்றுகளின் விடைகளில் 36.8 விழுக்காடு பெரும்பான்மையோடு ஒத்துப்போன தவறான விடைகள். இந்த எண் மனித இனத்தின் பண்பு அல்ல. அந்தக் காலத்தில், அந்த அறையில், அந்த மாணவர்களிடம் கிடைத்த அளவு. இங்கே இன்னொரு பிழையும் சேர்ந்துகொள்கிறது. 36.8 விழுக்காடு என்பது விடைகளின் பங்கு, ஆட்களின் பங்கு அல்ல. ஏறத்தாழக் கால்வாசிப் பேர் ஒருமுறைகூட இணங்கவில்லை. வேறு சிலர் ஏறக்குறைய எல்லாச் சுற்றுகளிலும் இணங்கினார்கள். விடைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரியாகவே இருந்தது. 'மூன்றில் ஒரு மனிதர் கூட்டத்துக்குப் பணிந்துவிடுவார்' என்ற சுருக்கம், மாணவரை மனிதராகவும் விடையை ஆளாகவும் ஒரே வாக்கியத்தில் மாற்றிவிடுகிறது. ஒரு விழுக்காட்டைக் கண்டால், இது எதன் விழுக்காடு என்று கேட்டுவிட்டே அடுத்த வரிக்குச் செல்லுங்கள்.

மூன்றாம் வகைக் கூற்றை ஒரு நாட்டின் மாணவர்களைக் கொண்டு நிறுவவே முடியாது. ஒரு கட்டுரை அப்படி எழுதியிருந்தால், அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் இனிமேல் சோதிக்க வேண்டிய கருதுகோளாக உங்கள் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: மாணவராக இருப்பது முடிவுக்குள் எங்கே நுழைகிறது என்று தேடுங்கள்

மாணவர்கள் பிறரிடமிருந்து வேறுபட்டவர்கள் என்பது மட்டும் ஒரு முடிவைக் குறைத்து மதிப்பிடக் காரணம் ஆகாது. அந்த வேறுபாடு, ஆய்வு அளக்கும் விளைவை உண்டாக்கும் காரணத்தோடு தொடர்புடையதா என்பதே கேள்வி. மாணவர்கள் சராசரியாக இளையவர்கள் என்பதால் ஆய்வுகள் எல்லாம் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை. ஆனால் முதுமையைப் பற்றிய அச்சத்தை அளக்கும் ஆய்வில் அதே வயது வேறுபாடு முடிவையே புரட்டிவிடலாம்.

டேவிட் சியர்ஸ் 1986இல் எழுதிய கட்டுரை இந்தத் தேடலுக்கு இன்றும் பயன்படுகிறது. சமூக உளவியல் கல்லூரி மாணவர்களை நம்பியிருப்பதால் மனிதரைப் பற்றிய அதன் சித்திரமே ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கலாம் என்று அவர் எச்சரித்தார். இளம் மாணவர்களின் கருத்துகள் இன்னும் உறுதிப்படாதவை, தம்மைப் பற்றிய எண்ணம் முழுமையாக உருவாகாதது, அறிவுத்திறன் சராசரியைவிட உயர்ந்தது, அதிகாரத்தில் உள்ளவர் சொல்வதைக் கேட்கும் போக்கு வலுவானது, நட்பு வட்டம் அடிக்கடி மாறுவது என்று அவர் வரிசைப்படுத்தினார். இந்த வரிசையை ஆஷின் சோதனைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இணங்கிப் போதல் என்பதை அளக்கும் ஆய்வில், கருத்து உறுதிப்படாத, நட்புக்கு ஏங்கும் வயதினரை, பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், சக மாணவர்கள் நடுவில் உட்கார வைத்திருக்கிறோம். ஐந்து பண்புகளில் குறைந்தது மூன்று நேராக முடிவைத் தொடுகின்றன. ஆகவே 36.8 என்ற எண் நடுவயதினரிடம் குறையக்கூடும் என்று முன்கூட்டியே ஊகிக்கலாம்.

ஆனால் ஊகம் எந்தப் பக்கமும் தவறலாம் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த மறுசோதனை நல்ல பாடம். பெரினும் ஸ்பென்சரும் 1980இல் வெளியிட்ட ஆய்வில், பொறியியல், கணிதம், வேதியியல் ஆகிய துறைகளின் மாணவர்களை ஆஷின் முறைப்படியே சோதித்தார்கள். 396 சுற்றுகளில் ஒரே ஒரு முறைதான் ஒருவர் பெரும்பான்மையோடு தவறாக இணங்கினார். இவர்களும் மாணவர்கள்தாம்; ஆனால் அளந்து பார்ப்பதையும் அளவீட்டில் உறுதியாக நிற்பதையுமே தொழிலாகப் பயில்பவர்கள். பிறகு அவர்கள் நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்த இளைஞர்களை, கண்காணிப்பு அலுவலர்களும் இடம்பெற்ற சூழலில் சோதித்தபோது, ஆஷ் கண்டதற்கு நெருக்கமான அளவில் இணக்கம் திரும்பி வந்தது. ஒரே நாடு, ஒரே காலம், ஒரே கோடுகள். மாறியவை மாறுபட்டுப் பேசுவதால் ஒருவர் இழக்கக்கூடியது என்ன என்பதும், கோட்டை அளப்பதில் அவருக்கு இருந்த தன்னம்பிக்கையும்தான். 'மேற்கத்திய மாணவர்' என்பதை ஒரே வகையாகக் கொள்ளக் கூடாது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்டும் ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை.

எனவே இந்தப் படியில் நீங்கள் எழுத வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "இந்த விளைவு இன்ன காரணத்தால் உண்டாகிறது, அந்தக் காரணம் இவர்களிடம் கூடுதலாகவோ குறைவாகவோ இருக்க இன்ன அடிப்படை உண்டு." அந்த வாக்கியத்தை எழுத முடியவில்லை என்றால், 'மாணவர் மாதிரி' என்ற குறையை விமர்சனத்தில் சேர்க்காதீர்கள்.

நான்காம் படி: வேறு மக்களிடம் சோதித்திருக்கிறார்களா என்று தேடுங்கள்

முதல் மூன்று படிகள் கட்டுரைக்குள்ளேயே முடிந்துவிடும். நான்காவதற்கு வெளியே போக வேண்டும். ஆஷின் முறையைப் பொறுத்தவரை நமக்கு வேலை எளிது. ரோட் பாண்ட், பீட்டர் ஸ்மித் இருவரும் 1996இல் 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்தார்கள். தனிமனிதரைவிடக் குழுவுக்கு முதன்மை தரும் பண்பாடுகளில் இணக்கம் கூடுதலாக இருக்கும் போக்கும், அமெரிக்காவுக்குள்ளேயே 1950களுக்குப் பிறகு அது படிப்படியாகக் குறைந்து வந்ததும் அந்தத் தொகுப்பாய்வில் தெரியவந்தன. அதாவது முதல் வகைக் கூற்று பல நாடுகளைக் கடந்தும் நிற்கிறது. இரண்டாம் வகை எண் இடத்தோடும் காலத்தோடும் மாறுகிறது. காலம் என்ற சொல்லைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1955இன் அமெரிக்க மாணவர் இன்றைய அமெரிக்க மாணவருக்கே முழுப் பிரதிநிதி அல்ல.

எல்லா முடிவுகளும் இப்படிச் சீராகக் கூடிக் குறைவதில்லை. சிலவற்றில் வடிவமே மாறும். பொருளியலும் உளவியலும் பகிர்ந்துகொள்ளும் 'அல்டிமேட்டம்' விளையாட்டு அதற்கு எடுத்துக்காட்டு. ஒருவரிடம் ஒரு தொகை தரப்படும். அதில் ஒரு பங்கை முகம் அறியாத இன்னொருவருக்குத் தருவதாக அவர் சொல்ல வேண்டும். மற்றவர் ஏற்றால் அப்படியே பிரித்துக்கொள்வார்கள். மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பல்கலைக்கழக மாணவர்களிடம் பாதிக்குப் பாதி கொடுப்பது பரவலாக இருந்தது. மிகக் குறைவாகக் கொடுத்தால் மற்றவர் கோபத்தோடு மறுத்துவிடுவார். நியாய உணர்வு மனிதருக்கு உள்ளுறைந்தது என்று இதைக் கொண்டு சொல்லத் தோன்றும். ஹென்ரிக் இதே விளையாட்டைப் பெரு நாட்டின் அமேசான் பகுதியில் வாழும் மாச்சிகெங்கா மக்களிடம் நடத்தி 2000இல் முடிவை வெளியிட்டார். அங்கே சராசரியாகக் கொடுக்க முன்வந்தது 26 விழுக்காடு. ஒப்பீட்டுக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சோதித்த பட்ட மேற்படிப்பு மாணவர்களிடம் அது 48 விழுக்காடு. அதைவிட வியப்பானது, குறைந்த பங்கைப் பெற்ற மாச்சிகெங்கா மக்கள் ஏறக்குறைய யாருமே மறுக்கவில்லை என்பது. 21 இணைகளில் ஒரே ஒரு மறுப்பு. யாரோ ஒருவர் தற்செயலாகப் பணத்தைப் பெற்றார், நமக்கும் கொஞ்சம் தருகிறார், இதில் மறுக்க என்ன இருக்கிறது என்ற நிலை அது.

பிறகு சிறிய அளவில் வாழும் 15 சமூகங்களில் இதே சோதனை நடந்தபோது இன்னும் எதிர்பாராதவை வெளிவந்தன. இந்தோனேசியாவில் கூட்டாகத் திமிங்கில வேட்டையாடி இறைச்சியை முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் லமலெரா மக்களிடம் சராசரி பாதியைத் தாண்டியது. பாப்புவா நியூகினியின் அவு, க்னவு மக்களில் சிலர் பாதிக்கு மேல் கொடுக்க வந்ததையும் மறுத்தார்கள். பெருங்கொடையை ஏற்றால் கடன்பட்டவராகவும் கீழ்ப்பட்டவராகவும் ஆகிவிட நேரும் வழக்கம் அங்கே உண்டு என்பதே ஆய்வாளர்கள் தந்த விளக்கம். அன்றாட வாழ்வில் எவ்வளவு கூட்டுழைப்பு தேவைப்படுகிறது, சந்தையில் வாங்கி விற்பது எவ்வளவு பழக்கம் என்ற இரண்டோடும் கொடுக்கும் அளவு தொடர்புற்றிருந்தது. மாணவர்கள் காட்டியது நியாய உணர்வின் ஒரு வடிவம். அறிமுகமற்றவர்களோடு நாள்தோறும் வாங்கல் கொடுக்கல் நடத்தும் சமூகத்தில் வளர்ந்தவர்களின் வடிவம்.

வேறு நாட்டு ஆய்வுகளைத் தேடும்போது இரண்டு இடங்களில் கவனமாக இருக்க வேண்டும். முதலாவது, வேறு நாடு என்பதாலேயே வேறு மக்கள் என்று ஆகிவிடாது. இந்தியாவில் நடந்தது என்று குறிக்கப்பட்ட ஓர் ஆய்வைத் திறந்து பார்த்தால், ஒரு பெருநகரத்தில் ஆங்கில வழியில் பயிலும் கல்லூரி மாணவர்களிடம் இணையப் படிவம் அனுப்பியிருப்பார்கள். தமிழ்நாட்டின் முதுகலை ஆய்வேடுகளிலும் இது மிகவும் வழக்கம். நண்பர்களின் வாட்சாப் குழுக்களில் படிவத்தைப் பகிர்ந்து 120 விடைகளைச் சேர்த்துவிட்டு, 'இந்திய இளைஞர்கள்' என்று தலைப்பிடுகிறோம். அமெரிக்கக் கட்டுரையைப் பார்த்து நாம் கேட்கும் கேள்விகள் எல்லாம் அப்படியே நம் ஆய்வேட்டுக்கும் பொருந்தும். இரண்டாவது, இரு நாடுகளிலும் ஒரே விஷயம்தான் அளக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். சுயமதிப்பை அளக்கும் வினாத்தாளில் 'நான் என்னைப் பற்றிப் பெருமைப்படுகிறேன்' என்ற வரிக்கு ஒரு தமிழ்ப் பெண் 'இல்லை' என்று குறித்தால், அவருக்குச் சுயமதிப்பு குறைவு என்றும் கொள்ளலாம். தற்பெருமை பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் என்றும் கொள்ளலாம். வினாத்தாளை மொழிபெயர்த்து, வேறொருவரைக் கொண்டு மூலமொழிக்குத் திருப்பிப் பெயர்த்து ஒப்பிட்டார்களா என்பதை முதலில் பாருங்கள். பிறகு, சிலரிடம் 'இந்த வரியை எப்படிப் புரிந்துகொண்டீர்கள்' என்று நேரில் கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். திருப்பிப் பெயர்ப்பு சொற்களின் தவறைக் காட்டும். மேலே சொன்ன 'பெருமை' போன்ற சிக்கல் நேரில் கேட்டால்தான் வெளிவரும்.

ஐந்தாம் படி: முடிவு அதன் சொந்த ஊரிலேயே நிற்கிறதா என்று பாருங்கள்

ஒரு முடிவு வேறு நாட்டில் கிடைக்கவில்லை என்றால் உடனே பண்பாட்டைக் காரணம் சொல்லத் தோன்றும். அதற்கு முன், அதே நாட்டில், அதே வகை மாணவர்களிடம் திரும்பச் சோதித்தபோது கிடைத்ததா என்று பார்க்க வேண்டும். 'மெனி லேப்ஸ் 2' என்ற பெருங்கூட்டு முயற்சி 2018இல் வெளிவந்தது. 28 முடிவுகளை 36 நாடுகள், நிலப்பகுதிகளைச் சேர்ந்த 125 மாதிரிகளில், 15,305 பேரிடம் மறுசோதனை செய்தார்கள். ஏறத்தாழப் பாதி முடிவுகளே திரும்பக் கிடைத்தன. கிடைக்காதவை பெரும்பாலும் எங்குமே கிடைக்கவில்லை. கிடைத்தவற்றில் பல பெரும்பாலான இடங்களில் கிடைத்தன. மாதிரிக்கு மாதிரி வேறுபாடு பலர் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருந்தது.

இதிலிருந்து பண்பாடு பொருட்டல்ல என்று முடிவுகட்டவும் கூடாது. அந்த மாதிரிகளிலும் மாணவர்கள் நிறைய. எல்லாச் சோதனைகளும் கணினியில் சிறு நேரத்தில் முடியக்கூடியவையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. மாச்சிகெங்கா மக்களைப் போன்றவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஒரு முறைப்பாட்டை அது நமக்குத் தருகிறது: முதலில் மறுசோதனை, பிறகே பொதுமைப்படுத்தல். 40 மாணவர்களிடம் ஒருமுறை மட்டும் கண்ட ஒரு விளைவு சென்னையில் கிடைக்கவில்லை என்றால், தமிழரின் மனப்பாங்கைப் பற்றி நீண்ட விளக்கம் எழுதுவதற்கு முன், அது முதலிலேயே தற்செயலாக வந்திருக்குமோ என்று கேட்பதுதான் முறை. எப்படிக் கண்டுகொள்வது? முதல் ஆய்வின் எண்ணிக்கை சிறியது, விளைவு எதிர்பாராத அளவு பெரியது, அதே கூடத்துக்கு வெளியே யாரும் செய்யவில்லை என்ற மூன்றும் சேர்ந்து இருந்தால், மாதிரி யார் என்ற கேள்விக்கே இன்னும் நேரம் வரவில்லை என்று கொள்ளுங்கள்.

ஆறாம் படி: வாக்கியத்தைத் திருத்தி எழுதுங்கள்

வேலை முழுதும் கடைசியில் ஒரு வாக்கியமாக வந்து நிற்க வேண்டும். டேனியல் சைமன்ஸ், யூயிச்சி ஷோடா, ஸ்டீவன் லிண்ட்சே மூவரும் 2017இல் ஒரு யோசனையை முன்வைத்தார்கள்: ஒவ்வோர் ஆய்வுக்கட்டுரையும் தன் முடிவு எந்த மக்களுக்கு, எந்தச் சூழலுக்கு, எந்தப் பொருள்களைக் கொண்டு செய்தால் பொருந்தும் என்று ஆசிரியர்களே கருதுகிறார்கள் என்பதை ஒரு பத்தியில் வெளிப்படையாக எழுத வேண்டும். பொதுமைக்கான எல்லைகள் என்று அதைச் சொல்லலாம். நீங்கள் படிக்கும் கட்டுரையில் அந்தப் பத்தி இருந்தால், மூன்றாம் படியில் நீங்கள் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இல்லை என்றால் நீங்களே எழுதுங்கள். 'மாணவர்களிடம் மட்டுமே செய்யப்பட்டது என்பது இந்த ஆய்வின் வரம்பு' என்ற ஒற்றை வரி அந்தப் பத்தி ஆகாது. எந்தக் கட்டுரையிலும் ஒட்டக்கூடிய அந்த வரி, யாரிடம் முடிவு மாறும், எந்தப் பக்கம் மாறும், ஏன் மாறும் என்ற மூன்றில் எதையும் சொல்வதில்லை.

ஆஷின் சோதனைக்கு நான் எழுதிக்கொள்வது இது. "1950களில் அமெரிக்கக் கல்லூரிகளின் 123 ஆண் மாணவர்கள், ஒருமித்துத் தவறாகச் சொன்ன சக மாணவர்கள் நடுவில் வாய்விட்டு விடை சொல்ல நேர்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு விடைகளில் அவர்களோடு இணங்கினார்கள்; கால்வாசிப் பேர் ஒருமுறைகூட இணங்கவில்லை. இப்படிப்பட்ட இணக்கம் பிற்காலத்தில் பல நாடுகளில் காணப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் அளவு நாட்டையும் காலத்தையும் பொறுத்து மாறுகிறது. அளவிடுவதில் தன்னம்பிக்கை உள்ளவர்களிடமும், மாறுபட்டுப் பேசுவதால் இழப்பு ஏதும் இல்லாதவர்களிடமும் இது வெகுவாகக் குறையும் என்று எதிர்பார்க்கிறேன். வகுப்பிலோ அலுவலகத்திலோ மேலிடத்தில் உள்ளவர் கேட்டுக்கொண்டிருக்கும்போது கூடும் என்று எதிர்பார்க்கிறேன்."

பாடநூலின் ஒற்றை வரியைவிட இது நீளமானது. ஆனால் இதன் ஒவ்வொரு பகுதியையும் ஒருவர் சோதித்துப் பார்க்க முடியும். கடைசி இரண்டு எதிர்பார்ப்புகளையும் உங்கள் கல்லூரியிலேயே, கணிதத் துறையிலிருந்து ஒரு குழுவையும் பணியில் புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒரு குழுவையும் கொண்டு, உரிய நெறிமுறை அனுமதி பெற்ற பிறகு சோதிக்கத் தொடங்கலாம்.